கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு மருமகள் எழுதும் நன்றிக் கடிதம்

கோயமுத்தூர்
வெள்ளிக்கிழமை

மாமா, அத்தை, அப்பத்தா, நங்கையா எல்லாருக்கும் பூங்கொடி வணக்கமுங்க.

வேலந்தாவளம் வழியா நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம். உங்க மகன் அன்னைக்கே போன்ல சொல்லிட்டாரு. ஆனா கல்யாணச் சந்தடியில யார்கிட்டயும் நின்னு நன்றி சொல்ல முடியலீங்க. எந்தச் சாமானை எங்க வச்சேன்னும் சொல்லாம கிளம்பிட்டேன். அதனால ரெண்டையும் சேர்த்து எழுதறேன்.

முதல்ல நகைங்க அத்தை. வரவேற்புக்கு நீங்க கழுத்துல போட்டுவிட்ட காசுமாலையும் கெம்புக்கல் அட்டிகையும் மர பீரோவுல, மேல் தட்டுல, சிவப்புப் பெட்டியில இருக்குங்க. காசுமாலையில சந்தனமும் வேர்வையும் படிஞ்சிருந்தது. வெதுவெதுப்பான தண்ணியில பூந்திக்கொட்டையை ஊறவச்சு, மெல்லிசான பிரஷ்ஷால தேய்ச்சு, துணியில ஒத்தி, நிழல்ல நல்லா காயவச்சுத்தான் உள்ள வச்சேன். அட்டிகையைத் தண்ணியில போடலீங்க. கல்லுக்கு அடியில அரக்கு வச்சுக் கட்டினது, ஊறினா கல் ஆடிரும். உலர்ந்த துணியால துடைச்சதோட விட்டுட்டேன். காசுமாலையில கொக்கியிலிருந்து நாலாவது காசோட வளையம் வாய் திறந்திருக்கு. அடையாளத்துக்கு அதுல சிவப்பு நூல் கட்டியிருக்கேன். பத்தர் பத்த வச்சுத் தர்ற வரைக்கும் யாரும் போட வேண்டாங்க. சேலையில மாட்டி இழுத்தா காசு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது. ரெண்டையும் ஒரே பெட்டியில வச்சாலும் நடுவுல பஞ்சு வச்சிருக்கேன், இல்லேன்னா கல்லு தங்கத்தைக் கீறும்.

கூறைச்சேலையை எடுத்துட்டு வரல. தாம்பாளத்து எண்ணெய் முந்தியில ஒரு சொட்டு பட்டுருச்சுங்க. அதுல தண்ணி படக்கூடாது, பட்டா கறை பரவும். முகப்பவுடரைத் தூவி வச்சிருக்கேன். எண்ணெயை அது இழுத்துக்கும், மறுநாள் உதறினா போதும். மிச்சம் தெரிஞ்சா அடுத்த தடவை வரும்போது நானே டிரை கிளீனிங்குக்குக் கொண்டு போறேன். பாலித்தீன் பையில போட்டா ஜரிகை கறுத்துரும்னு பழைய பருத்தி வேட்டியில சுத்தி வச்சிருக்கேன்.

அப்பத்தா, நீங்க கொடுத்த செட்டுமுண்டைப் பத்திரமா கொண்டு வந்துட்டேன். கஞ்சி போட்டு மடிச்சு வச்சா பூச்சி அரிக்கும், கட்டுறதுக்கு முந்தின நாள் போட்டா போதும்னு நீங்க சொன்னபடி, வெறும் தண்ணியில அலசிக் காயவச்சுட்டேன். ஓணத்துக்குக் கட்டிட்டு வந்து காட்டறேன்.

நங்கையா, இணைச்சீர் முடிஞ்ச கையோட பந்திக்கு ஓடி, ராத்திரி முழுக்க உட்காராம இருந்தீங்க. அதுக்கு மேல நான் சாப்பிட்டேனான்னு ரெண்டு தடவை வந்து கேட்டது நீங்க மட்டுந்தான். பொண்ணு பசியோட இருப்பாங்கறது கல்யாண வீட்டுல பாதிப் பேருக்கு ஞாபகமே வர்றதில்லீங்க.

அத்தை கொடுத்த சந்தகை அச்சை ஞாயித்துக்கிழமை எடுத்தேன். அரைக் கிலோ இட்லி அரிசியை நாலு மணி நேரம் ஊறவச்சு, உப்புப் போட்டு வழுவழுன்னு அரைச்சு, இட்லியா வேகவச்சு, ஒவ்வொரு ஈடா சூடு ஆறாமப் பிழிஞ்சேன். நீங்க சொன்ன சூட்சுமம் அதுதாங்க. எல்லாத்தையும் வேகவச்சு அடுக்கிட்டுப் பிழிய ஆரம்பிச்சா கடைசி ஈடு ஆறி இறுகிரும், அச்சுல இறங்காது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஊத்தி உங்க மகன் நிறையவே சாப்பிட்டாரு. மோர்க்குழம்பு மட்டும் உங்க கைக்கு வரலீங்க. நுரை கட்டினதும் இறக்கணும், கொதிச்சா திரிஞ்சிரும்னு தெரியுது. ஆனா இங்க வாங்கற தயிர்ல அந்தப் புளிப்பே இல்ல. உறை மோர் ஒரு டம்ளர் கொடுத்தனுப்புங்க.

மாமா, உங்ககிட்ட ரெண்டு காரியம் இருக்குங்க.

கல்யாணப் பதிவு முதல்ல. முகூர்த்தம் கொழிஞ்சாம்பாறை மண்டபத்துல நடந்ததால, பதிவும் அங்க பஞ்சாயத்து ஆபீஸ்லதான். கேரளாவுல 45 நாளைக்குள்ள கொடுத்தரணும், தாண்டினா அபராதம். எங்க ரெண்டு பேர் போட்டோ, வயசுக்கு எஸ்.எஸ்.எல்.சி. புக், ஆதார், பத்திரிகை எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு ரெடியா இருக்கு. ரெண்டு சாட்சி வேணும். நீங்களும் எங்க அப்பாவும் போட்டா நல்லா இருக்குங்க. கல்யாணம் நடந்ததுக்கு வார்டு மெம்பர்கிட்ட ஒரு சாட்சியம் எழுதி வாங்கணும். அதை மட்டும் நீங்க பார்த்துக்கோங்க. ஒண்ணு கவனிக்கணும்: என் ஆதார்ல இனிஷியல் மட்டும் இருக்கு, பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருக்கு. மலையாளத்துல எழுதும்போது எழுத்தும் மாறலாம். கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொரு எழுத்தா பார்த்துக்கலாம். சர்டிபிகேட் வந்த பின்னாடி திருத்தறது பெரிய அலைச்சல்.

ரெண்டாவது மொய் நோட்டு. நம்ம பக்கம், எங்க பக்கம்னு பிரிச்சு ஊர், பேர், தொகை மூணு பத்தியா எழுதி, ஒரு பிரதியை உங்க மேஜை டிராயர்ல வச்சிருக்கேன். சில பேருக்கு ஊரே எழுதல, பேர் மட்டும் இருக்கு. ஒரே பேர்ல நாலு பேர் இருக்கற சொந்தத்துல திருப்பிச் செய்யும்போது ஆள் மாறிப் போச்சுன்னா வருத்தம் வந்துரும். அந்தப் பேருக்கெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டிருக்கேன். கவர்களை ரப்பர் போட்டு நோட்டோடயே வச்சிருக்கேன், கையெழுத்தை வச்சு உங்களுக்குத் தெரியலாம். தயவுசெஞ்சு கவரை யாரும் எரிச்சிர வேண்டாங்க.

பரிசுல வந்த சுவர்க்கடிகாரம் மட்டும் ஏழு. வீட்டுல அத்தனை சுவரு இல்லீங்க. ஒவ்வொண்ணு பின்னாலயும் கொடுத்தவங்க பேரை ஒட்டியிருக்கேன். ஒண்ணு இங்க மாட்டியாச்சு. மத்ததை அங்கன்வாடிக்கோ கோயிலுக்கோ கொடுக்கறதா இருந்தா, கொடுத்தவங்க அடிக்கடி வந்து போற இடமா இல்லாம பார்த்துக்கோங்க.

பக்கத்து வீட்டுச் சேச்சிகிட்ட வாங்கின வெங்கல உருளியைப் புளி போட்டுத் தேய்ச்சு, உடனே கழுவித் துடைச்சு, திண்ணையை ஒட்டின அறையில கவுத்து வச்சிருக்கேன். புளி ராத்திரி முழுக்க இருந்தா திட்டுத்திட்டா கறுக்கும். திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பாத்திரமா கொடுக்காம, நான் பொட்டலம் கட்டி வச்ச முறுக்கையும் அதுல போட்டுக் கொடுங்க. பாயசம் அடிப்பிடிக்காம காப்பாத்தினது அந்த உருளிதாங்க.

தாம்பூலப் பைக்குப் போக மிஞ்சின தேங்காயை மாமா காட்டின மாதிரி குடுமி மேல இருக்கிறாப்ல அடுக்கியிருக்கேன். கீறல் விட்டதைத் தனியா வச்சிருக்கேன், அதை முதல்ல உடைச்சுருங்க.

மாமா, எங்க அம்பராம்பாளையம் தாண்டி வர்ற ஆளியாத்துத் தண்ணி மூலத்தறையில திறந்ததும் ஒரு போன் பண்ணுங்க. நடவு வேலை நாள்ல நாங்க வந்து சிரமம் கொடுக்காம, பதிவுக்கு வேற நாளா பார்த்துக்கறோம். பஞ்சாயத்து ஆபீஸ் வேலை நாளா இருக்கணும், திங்கள்கிழமை கூட்டமா இருக்கும்னு சொல்றாங்க, அதனால புதன் இல்லேன்னா வியாழன் சௌகரியங்க.

உங்க மருமகள்
பூங்கொடி

பி.கு: அப்பத்தாவோட மூக்குக்கண்ணாடி எங்க பையில வந்துருச்சுங்க. சனிக்கிழமை உங்க மகனோட சிநேகிதர் சித்தூர் வர்றாரு, அவர்கிட்ட கொடுத்தனுப்பறேன். அதுவரைக்கும் பழைய கண்ணாடி சாமி அறை அலமாரியில, விபூதித் தட்டுக்குப் பின்னால இருக்கு.