பொருள்: 10ஆம் வகுப்பு கணிதப் பயிற்சி நூல், பக்கம் 214, பயிற்சி 3.6, கணக்கு 7: விடை தவறு

பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2x² − 7x + 3 = 0 என்ற கணக்குக்கு விடைப்பகுதியில் 3, −1/2 என்று அச்சாகியுள்ளது. சரியான விடை 3, 1/2.

காரணிப்படுத்தினால் (2x − 1)(x − 3) = 0. x = −1/2 என்று பிரதியிட்டால் 0.5 + 3.5 + 3 = 7 வருகிறது, பூச்சியம் அல்ல. மூலங்களின் பெருக்கல் 3/2, மிகை எண். ஆகவே ஒன்று மட்டும் குறை எண்ணாக இருக்கவே முடியாது.

அச்சிட்ட விடை 2x² − 5x − 3 = 0 என்பதற்கு அப்படியே பொருந்துகிறது. கேள்வியை மாற்றியபோது பழைய விடை தங்கிவிட்டது போலும். எனவே கையெழுத்துப் படியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அடுத்தடுத்த கணக்குகளையும்தான்.

இணைப்பு: படம் 1, அச்சுப் பக்கம்; படம் 2, சூத்திர முறையில் முழுச் செய்முறை (தன்மைகாட்டி 49 − 24 = 25).

பிழைதிருத்தப் பட்டியலை இணையத்தில் வெளியிடும் தேதியைத் தெரிவியுங்கள். மாணவர்கள் சரியாகப் போட்டதையே அடித்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்