உருட்டு

எங்கள் கானாடுகாத்தான் வீட்டுக் கணக்கப்பிள்ளை முத்துக்கருப்பன் வாய் திறந்து நான் பார்த்ததெல்லாம் கொட்டாவி விடும்போதுதான். 22 வருடமாக வீட்டுச் சாவி, கரண்டு பில், பங்காளிகளின் வரவு செலவு எல்லாம் அவர் கையில். எதைக் கேட்டாலும் நோட்டை நம் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைப்பார். அந்த விரல்தான் பதில்.

அந்த வார்த்தை அவருக்குக் கிடைத்தது பஸ் ஸ்டாப் டீக்கடையில். அங்கே கிளாஸ் கழுவும் கார்த்தி, யார் எதைச் சொன்னாலும் "உருட்டு" என்பானாம். மகனுக்குச் சிங்கப்பூரில் 3 லட்சம் சம்பளம் என்று ஒருவர் சொன்னால், உருட்டு. நாளைக்கு மழை என்றால் அதுவும் உருட்டு. இரண்டு நாள் கேட்டுவிட்டு மூன்றாம் நாள் இவர் மெதுவாக விசாரித்திருக்கிறார்.

"பொய்தானே தம்பி?"

"பொய்யின்னா சும்மா பொய்ண்ணே. உருட்டுன்னா வழவழன்னு உருண்டு வரும். நம்பிருவோம்."

ராத்திரி விளக்கணைத்துக்கொண்டே வரும்போது, முற்றத்தைச் சுற்றிய வளவில் ஒவ்வொரு தூணிடமும் அதைச் சொல்லிப் பார்த்தாராம். பர்மாத் தேக்குத் தூண்கள். எதிர்த்துப் பேசாத ஆட்கள்.

மாசியில் பங்காளிகள் கூட்டம். பாதிப் பேர் முந்தின ராத்திரி பல்லவனில் வந்து இறங்கியிருந்தார்கள். பேச்செல்லாம் மராமத்துதான். வளவைச் சுற்றித் தரை பெயர்ந்து, கொலுசு போட்ட பிள்ளைகள்கூடத் தடுக்கி விழுகிற நிலை. காண்ட்ராக்டர் மதிப்பீட்டை வாசித்தார். சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு என்றதும் எல்லாரும் பெருமையாகத் தலையாட்டினோம். நாங்களே பூசப்போகிற மாதிரி. அப்புறம் தரைக்கு வந்தார்.

"ஆத்தங்குடிக் கல்லுன்னா லேசுப்பட்டதில்ல. சூளையில 3 நாள் வெந்து வரணும். விறகு விக்கிற விலைக்கு, சூளைக்கூலி மட்டும் 62,000 வந்துருது."

சென்னை அண்ணன் "நியாயம்தான்" என்றார். அமெரிக்காவிலிருந்து செல்போனில் தெரிந்த முகம் கட்டைவிரலைக் காட்டியது.

"உருட்டு."

வளவு நடுவில் வானம் பார்த்து, நாலு பக்கமும் ஓடு போட்ட இடம், சத்தம் எங்கிருந்து வந்தது என்று சட்டெனப் பிடிபடாது. எல்லாரும் பிள்ளைகளைப் பார்த்து முறைத்தோம். தூணோரம் கணக்கப்பிள்ளை எழுந்து நின்றிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. இடுக்கியிருந்த நோட்டு நழுவிக் கீழே விழுந்தது.

"இது உருட்டுங்கண்ணே" என்றார், இன்னும் கொஞ்சம் சின்னக் குரலில்.

பட்டாலையில் சாய்ந்திருந்த ஆச்சிக்கு 84 வயது, காது பாதிதான். "கோலாவையா? கறியே இன்னும் அரைபடலையே, அதுக்குள்ள யாரு உருட்டச் சொன்னது?"

சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. மனுசன் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். உட்காரவில்லை.

"ஆச்சி, கோலா இல்ல. ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளையே கிடையாது. எங்க மாமனார் 30 வருசம் கல்லுப் போட்டவரு. கண்ணாடியக் கீழ வச்சு, அது மேல சட்டம், அச்சுக்குள்ள கலர் சிமெண்ட ஊத்துவாக. அப்புறம் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தொட்டித் தண்ணியில ஊறப் போட்டு, காய வைப்பாக. கண்ணாடி பட்ட பக்கம் அப்பிடியே மினுங்கும். தீயே படாது ஆச்சி. படாத தீக்கு 62,000."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"இப்ப புது முறை வந்திருக்கு..." என்று காண்ட்ராக்டர் இழுத்தார்.

"உருட்டு!" என்றான் மாடிப்படியிலிருந்து என் அக்கா மகன். அவன் அம்மா அவன் தொடையில் ஒன்று வைத்தாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் வைத்தாள்.

சூளைக்கூலி அடிபட்டது. மற்றதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மதிப்பீடு கைமாறிப் போனது. காண்ட்ராக்டர் மோரைக் குடித்துவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பினார்.

எல்லாரும் இலைக்கு எழுந்தபோது கணக்கப்பிள்ளை மட்டும் தீர்மான நோட்டோடு உட்கார்ந்திருந்தார். "சூளைக்கூலி ரூ. 62,000 நீக்கப்பட்டது. காரணம்" என்பது வரை வந்து பேனா நின்றிருந்தது.

"தம்பி, இதை நல்ல தமிழ்ல எப்படி எழுதுறது?"

"உண்மைக்குப் புறம்பான தகவல்னு எழுதுங்களேன்."

உதட்டைப் பிதுக்கினார். அது உருளவில்லை போல.

"அவன் சொன்னதையே எழுதச் சொல்லப்பா" என்றார் ஆச்சி. இதெல்லாம் மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிடும்.

குனிந்து, மணிமணியான கையெழுத்தில் எழுதினார். ஊதி மை காயவைத்தார். அப்புறம் நோட்டை என் பக்கம் திருப்பி, அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.