பொருள்: பறவை நூல் வரிசை ஓவிய ஒப்பந்தம், வரைவு 3 – கையெழுத்திடும் முன் தேவைப்படும் திருத்தங்கள்

மதிப்பிற்குரிய மகேஸ்வரி மேடம்,

வணக்கம்.

திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய வரைவு 3-ஐ இரண்டு இணைப்புகளோடும் முழுதாகப் படித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். வரைவு இப்போது இருக்கிற நிலையில் என்னால் கையெழுத்திட இயலாது. கீழே எழுதியிருக்கும் திருத்தங்களோடு புதிய வரைவு வந்தால், சரிபார்த்து அன்றைக்கே கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறேன்.

வேலையில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. தொகையிலும் மறுபேச்சு இல்லை. தொலைபேசியில் பேசி முடித்ததையே வரைவிலும் போட்டிருக்கிறீர்கள், நன்றி. அந்தத் தொகை எப்போது வரும், ஓவியங்கள் எப்போது என் கையை விட்டுப் போகும் என்பதில்தான் சிக்கல்.

பிரிவு 4.1, உரிமை மாற்றம்: "ஓவியங்கள் உருவாக்கப்பட்ட கணத்திலிருந்தே அவற்றின் முழுப் பதிப்புரிமையும் எல்லா வடிவங்களிலும் நிரந்தரமாகப் பதிப்பகத்தைச் சேரும்" என்கிறது. இதன்படி, பென்சிலில் வரைந்து நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய படமும் உங்களுடையதாகிவிடும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். ஆனால் இணைப்பு 'ஆ'வில் "அச்சு, மின்னூல் பதிப்புகளுக்கான உரிமம்" என்று மட்டுமே இருக்கிறது. நாம் பேசியதும் அதைத்தான். ஒரே ஒப்பந்தம் ஓரிடத்தில் விற்கச் சொல்கிறது, இன்னோரிடத்தில் வாடகைக்கு விடச் சொல்கிறது. முரண் வந்தால் பிரிவுகளே செல்லும், இணைப்பு செல்லாது என்று பிரிவு 19 வேறு சொல்வதால், இணைப்பு 'ஆ' வெறும் தாளாகிவிடுகிறது. 4.1-க்குப் பதிலாக இப்படி இருக்க வேண்டும்:

"இறுதி ஓவியங்களை அச்சு, மின்னூல் வடிவங்களில் வெளியிடும் தனியுரிமத்தை ஓவியர் பதிப்பகத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு வழங்குகிறார். முழுத் தொகையும் செலுத்தப்பட்ட நாளிலிருந்து இந்த உரிமம் நடைமுறைக்கு வரும். பதிப்புரிமையும், பயன்படுத்தப்படாத முன்வரைவுகளும் ஓவியரிடமே இருக்கும்."

நாட்காட்டி, பொம்மை, அசைபடம் என்று பிற பயன்பாடுகள் வேண்டுமென்றால் அப்போது தனியாகப் பேசிக்கொள்ளலாம். எனக்கும் மகிழ்ச்சிதான்.

பிரிவு 4.3: என் பெயரைப் போடுவதும் போடாததும் பதிப்பகத்தின் விருப்பம் என்பதை நீக்க வேண்டும். பொருளியல் உரிமைகளைக் கைமாற்றிக் கொடுத்த பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்று பெர்ன் உடன்படிக்கையே 1928 முதல் சொல்லி வருகிறது. தலைப்புப் பக்கத்தில் ஒரு வரி போதும்.

பிரிவு 6: "பதிப்பகம் திருப்தி அடையும் வரை" திருத்தித் தர வேண்டும் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். மீன்கொத்தி ஒன்றுக்கு நீர்வண்ணம் பூசி முடித்த பிறகு "இறக்கையை விரித்தபடி இருந்தால் நன்றாக இருக்கும்" என்று சொன்னால் அது திருத்தம் ஆகாது, புதுப் படம்; தாளை மாற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே பென்சில் கட்டத்தில் இரண்டு சுற்று, வண்ணக் கட்டத்தில் ஒரு சுற்று என்று போடுங்கள். அதற்கு மேல் கேட்பவற்றுக்குத் தனிக் கட்டணம். என் பிழைகளுக்கு இந்த எல்லை கிடையாது. பெரும்பாலான மரங்கொத்திகளுக்குக் காலில் முன்பக்கம் இரண்டு விரல், பின்பக்கம் இரண்டு விரல். நான் முன்னால் மூன்று என்று வரைந்திருந்தால், எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தாலும் கட்டணமின்றி மாற்றித் தருவேன். இதையும் அந்தப் பிரிவிலேயே சேர்த்துவிடலாம்.

பிரிவு 8: "நூல் வெளியான 90 நாட்களுக்குள்" பணம் என்று இருக்கிறது. நூல் எப்போது வெளியாகும் என்பது என் கையில் இல்லை. ஆசிரியர் தாமதம், அச்சகத் தாமதம், பட்டியல் மாற்றம் என்று எதுவும் நடக்கலாம். நூல் வெளியாகாமலே போனால் இந்த வாசகப்படி எனக்கு எப்போதும் பணம் வராது. கையெழுத்தானதும் 30%, பென்சில் வரைவுகள் ஒப்புதலானதும் 40%, இறுதிக் கோப்புகளை ஒப்படைத்ததும் 30% என்று பிரியுங்கள். ஒவ்வொன்றும் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் வர வேண்டும். நான் அனுப்பியதற்கு 15 வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்ற வரியும் தேவை.

பிரிவு 11: யார் என்ன வழக்குத் தொடுத்தாலும் முழு இழப்பீடும் என் பொறுப்பு என்று வரம்பில்லாமல் இருக்கிறது. நான் பிறர் படத்தை நகலெடுத்தேன் என்று நிரூபணமானால் அதற்கு நான் பொறுப்பு. அதுவும் எனக்குத் தரப்படும் மொத்தத் தொகை அளவுக்கே. நீங்கள் தரும் மாதிரிப் புகைப்படங்களுக்கும் நூலின் எழுத்துக்கும் நான் பொறுப்பேற்க முடியாது.

பிரிவு 13: ஏழு நாள் அறிவிப்பில் நீங்கள் வேலையை நிறுத்தலாம், சரி. அப்படி நிறுத்தினால் அதுவரை முடிந்த கட்டங்களுக்கு முழுத் தொகையும், மீதியில் 25 விழுக்காடும் தர வேண்டும்.

பிரிவு 14, இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எவருக்கும் இயற்கை சார்ந்த சிறுவர் நூல்களுக்கு வரையக் கூடாது என்பது. இதை முழுதாக எடுத்துவிட வேண்டும். பறவையும் பூச்சியும் வரைவதுதான் என் பிழைப்பு. இதே ஓவியங்களை வேறெங்கும் கொடுக்க மாட்டேன் என்ற உறுதிக்குத் தனியுரிமமே போதும்.

ஒரு சின்ன விஷயம்: பிரிவு 3-இல் 72 ஓவியங்கள், இணைப்பு 'அ'வில் 78. நாம் பேசியது 72-தான், அட்டைப்படம் மூன்றும் அதில் அடக்கம். மற்ற பிரிவுகளில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இவற்றில் 4, 8, 14 மூன்றையும் விட்டுக்கொடுக்க எனக்கு வழியில்லை. 6, 11, 13-இல் எண்களை வேண்டுமானால் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம், சொல்லுங்கள், கேட்கிறேன்.

எல்லா ஓவியர்களும் கையெழுத்திடும் பொது வடிவம்தான் இது என்று சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் நாளை ஏதாவது பிணக்கு வந்தால் இரண்டு தரப்பும் எடுத்துப் பார்க்கப்போவது என் கையெழுத்து இருக்கும் இந்தத் தாளைத்தான். "நடைமுறையில் அப்படிச் செய்ய மாட்டோம்" என்று நீங்கள் சொன்னதை நம்புகிறேன். செய்யப்போவதில்லை என்றால், அந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கவும் தேவையில்லை அல்லவா?

ஏற்கெனவே அனுப்பிய இரண்டு ஓவியங்களும் மாதிரிக்கு மட்டுமே. அவற்றையோ இந்தக் கடிதத்தையோ வரைவுக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை முதல் நூலின் வேலையைத் தொடங்க மாட்டேன். அடுத்த புதன்கிழமைக்குள் திருத்திய வரைவு வந்தால் முதல் தவணைப் பென்சில் படங்களைச் சொன்ன தேதியிலேயே தந்துவிடலாம். தாமதமானால் எத்தனை நாள் தள்ளுகிறதோ அத்தனை நாள் ஒப்படைக்கும் தேதியும் தள்ளும்.

எல்லாத் திருத்தங்களையும் டிராக் சேஞ்சஸ் போட்டு வேர்ட் கோப்பாக இணைத்திருக்கிறேன். உங்கள் சட்டப் பிரிவுக்கு அப்படியே அனுப்பலாம். அவர்களோடு நேரில் பேசுவது எளிது என்றால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காலை 11 மணிக்கு மேல் அழைக்கலாம். பேசி முடிவானதை அன்றே மின்னஞ்சலிலும் உறுதிசெய்துகொள்வோம்.

நன்றி.

இப்படிக்கு,
கதிரவன்
ஓவியர்

இணைப்பு: திருத்தங்கள் குறிக்கப்பட்ட வரைவு 3