சாட்சி சொல்ல நீதிமன்றம் செல்ல 18.11.2025 அன்று விடுப்பு வேண்டுதல்

10.11.2025

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வரும் 18.11.2025, செவ்வாய்க்கிழமை காலை 10.30 மணிக்குத் திருமங்கலம் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் சாட்சியாக ஆஜராகும்படி எனக்குச் சம்மன் வந்துள்ளது. அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

சென்ற ஆண்டு வேலை முடிந்து வீடு திரும்பும்போது, சாலையைக் கடந்த ஒரு பாட்டி மீது மினி லாரி மோதியதை நேரில் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும் நான்தான். அந்த வழக்கில்தான் அழைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிக்காக நான் கண்டதைச் சொல்லியே ஆக வேண்டும் ஐயா. சம்மன் வந்தபின் போகாமல் இருக்கவும் முடியாது.

எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாததால் முழு நாள் விடுப்பு தேவைப்படுகிறது. 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஜி.எஸ்.டி. கணக்கை 17ஆம் தேதி மாலைக்குள் முடித்துத் தங்கள் பார்வைக்கு வைத்துவிடுகிறேன். அன்றைய பில் வேலையைப் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்து மேசை அக்கா சொல்லியிருக்கிறார்.

நீதிமன்றத்தில் வருகைச் சான்று வாங்கி மறுநாள் தருகிறேன். அப்புறம், விசாரணை தள்ளிப்போனால் புதிய தேதியை அன்றே தெரிவிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
க. செல்வி
கணக்குப் பிரிவு

இணைப்பு: சம்மன் நகல்