அக்காவுக்கு கிட்னி குடுக்குறதுக்காக லீவு கேட்டு

சார் வணக்கம். நேர்ல சொல்லலாம்னு ரெண்டு நாளா உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிட்டேன், அதான் எழுதுறேன்.

எங்க அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு சார். ஒன்றரை வருஷமா வாரத்துக்கு மூணு வாட்டி டயாலிசிஸ், ஒவ்வொரு வாட்டியும் நாலு மணி நேரம். கைல ஃபிஸ்டுலா போட்ட எடத்த தொட்டா கிர்ருன்னு அதிரும், தண்ணி கூட பாட்டில்ல கோடு போட்டு அளந்துதான் குடிக்கும். அம்மா குடுக்க ரெடியா இருந்தாங்க, சுகர் இருக்குதுன்னு வேணாம்னுட்டாங்க. எனக்கு எல்லா டெஸ்ட்டும் சரியா வந்துடுச்சு, கமிட்டி அப்ரூவலும் போன வாரம் கெடச்சுது. கூடப் பொறந்தவங்கதான்னு காட்ட ரேஷன் கார்டுல இருந்து ஸ்கூல் டிசி வரைக்கும் கேட்டாங்க, என் வொய்ஃபையும் தனியா கூப்ட்டு சம்மதமான்னு கேட்டாங்க.

மூணு மாசமா நான் அடிக்கடி பெர்மிஷன் போட்டுட்டு போனது இதுக்குதான் சார். பல் வலி, பேங்க் வேலன்னு சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க, அப்ரூவல் வராம வெளில சொல்ல மனசு வரல.

நவம்பர் 16 அட்மிஷன், 18 செவ்வாக்கெழம ஆபரேஷன். லேப்ராஸ்கோபிலதான் எடுக்குறாங்க, நாலஞ்சு நாள்ல என்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம், ஆனா ஆறு வாரம் வெயிட் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அதனால நவம்பர் 16ல இருந்து டிசம்பர் 27 வரைக்கும் 42 நாள் லீவு குடுங்க சார். சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஸ்டாஃபுக்கு உறுப்பு தானத்துக்கு 2023ல இருந்து 42 நாள் வரைக்கும் ஸ்பெஷல் லீவு தர்றாங்க, நம்மளது பிரைவேட், அது நமக்கு வராதுன்னு தெரியும், நாள் கணக்க மட்டும்தான் அதுல பாத்தேன். என் ஈஎல் 17 நாள் இருக்கு, அத மொதல்ல கழிச்சுட்டு மிச்சத்துக்கு மெடிக்கல் லீவு ஏதாவது முடியுமான்னு ஹெச்ஆர்ல கேட்டு சொல்லுங்க, முடியலன்னா லாஸ் ஆஃப் பே போட்டுக்கோங்க.

29ந்தேதி திங்கக்கெழம டூட்டிக்கு வந்துடுவேன். வந்ததும் ஒரு மாசம் மட்டும் லோடிங் பக்கம் விடாம பில்லிங் டேபிள்ல உக்கார வெச்சீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். நைட் ஷிஃப்ட் டிஸ்பேட்ச் தாஸ் அண்ணன் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு, கேட் பாஸ் ரெஜிஸ்டரும் குடோன் சாவியும் 15ந்தேதி அவர் கைல குடுத்துட்டு கையெழுத்து வாங்கிடறேன்.

டாக்டர் லெட்டர், அப்ரூவல் ஜெராக்ஸ் ரெண்டும் நாளைக்கு காலைல கொண்டாறேன். இன்னொண்ணு சார், கேன்டீன்ல மட்டும் இப்போதைக்கு சொல்லிடாதீங்க, ஆளாளுக்கு ஒரு கத சொல்லி என்ன விட எங்க வீட்டுல இருக்கறவங்கள பயமுறுத்திடுவாங்க.

நன்றி சார்.

இப்படிக்கு,
செல்வம்
டிஸ்பேட்ச், மணலி குடோன்
(வீடு தண்டையார்பேட்டை)