வினிகர் தரம்பார்த்தல்: வளைகோடும் நிறங்காட்டியும்

டர்பனில் எங்கள் வீட்டில் மாங்காய் ஊறுகாய்க்கு வாங்கிய வெள்ளை வினிகரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, அதில் 25.0 மி.லி. எடுத்து, 0.100 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுடன் தரம்பார்த்தேன்.

வளைகோடு pH 2.9-இல் தொடங்கிச் சற்றே எழும்பி, அப்புறம் நீண்ட தூரம் மெல்லவே ஏறுகிறது. இந்தத் தாங்கல் பகுதியின் நடுவில், 10.4 மி.லி.-இல், pH 4.8, அசெட்டிக் அமிலத்தின் pKa மதிப்பும் இதுவே. 20.6 மி.லி.-இல் 6.8 ஆக இருந்த pH, 21.0 மி.லி.-இல் 10.6 ஆகிவிட்டது. செங்குத்தான இந்தப் பகுதியில் சாய்வு மிக அதிகமாக இருந்த இடம் 20.8 மி.லி., pH 8.7. இதையே சமான நிலையாகக் கொண்டேன். அங்கே அமிலம் முழுதும் தீர்ந்து அசெட்டேட் அயனிகளே எஞ்சுகின்றன. அவை நீருடன் வினைபுரிந்து ஹைட்ராக்சைடு தருவதால்தான் pH 7-க்கு மேல் நிற்கிறது.

பினாப்தலீன் 8.2 முதல் 10 வரை நிறம் மாறும். அந்த எல்லை முழுதும் செங்குத்துப் பகுதிக்குள் அடங்குவதால் ஒரு சொட்டிலேயே இளஞ்சிவப்பு நிலைத்தது. மெத்தில் ஆரஞ்சு 4.4-இலேயே, அதாவது ஏறக்குறைய 6 மி.லி.-இலேயே, மாறி முடிந்திருக்கும். அதனால் அதைத் தவிர்த்தேன்.

கணக்கிட்டால் மூல வினிகர் 0.832 மோலார், லிட்டருக்குச் சுமார் 50 கிராம் அமிலம்.