அப்புச்சி பத்தி மூணு நிமிஷம்

கண்ணு, அப்புச்சி படத்திறப்புல பேசறதுக்கு நீ எழுதி அனுப்புன எட்டு பக்கத்தையும் நேத்து ராத்திரி ரெண்டு தடவ படிச்சேன். முதல் தடவ பாதியிலயே அழுதுட்டேன், அத மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா நான் இவ்வளவு வெட்டியிருக்கறத பார்த்துட்டு அக்காவுக்கு பிடிக்கல போலன்னு நெனச்சுக்குவ. ரெண்டாவது தடவ போன்ல டைமர் போட்டு சத்தமா படிச்சேன், 14 நிமிஷம் வந்துச்சு, அதுவும் எங்கயும் நிக்காம மூச்சு வாங்க படிச்சு. படத்திறப்பு அன்னைக்கு ஏழு பேரு பேசறாங்க, ஆளுக்கு 3 நிமிஷம்னு மாமா கறாரா சொல்லிட்டாரு, நீ ஆறாவது ஆளு, அதுக்குள்ள உள்ள சாம்பார் வாசம் வந்துடும், வயசானவங்க எல்லாம் காலையில இருந்து உக்காந்திருப்பாங்க. அதனால உன்கிட்ட நிஜமாவே மூணு நிமிஷம்தான் இருக்கு.

எழுதுனத தூக்கி போட்டுடாத, அந்த எட்டு பக்கம் அப்படியே பத்திரமா இருக்கட்டும். அம்மாயிக்கு ஒரு நாள் சாவகாசமா உக்காந்து படிச்சு காட்டு, அது அவங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு.

என்னென்ன எடுத்தேன்னு சொல்றேன். ஆரம்பத்துல பேர் சொல்லி வணக்கம் வெக்கறது மட்டும் 11 பேரு, அதுக்கே முக்கால் நிமிஷம் போகுது, ஒருத்தர் பேரு விட்டுப்போனா வருஷக்கணக்குல சொல்லிக் காட்டுவாங்க, அதனால எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். "இமயம் சரிந்தது", "ஆலமரம் சாய்ந்தது", அந்த கவிதை, எல்லாத்தையும் எடுத்துட்டேன். உனக்கு முன்னாடி பேசற அஞ்சு பேர்ல மூணு பேராவது ஆலமரத்த சாய்ச்சுடுவாங்க கண்ணு. "சேலத்துலயே முதல் கொலுசு பட்டறை நம்மளுதுதான்"னு எழுதியிருக்க, அது நமக்கு உறுதியா தெரியாது, செவ்வாப்பேட்டையில இருந்தும் பனங்காட்டுல இருந்தும் அவர் கூட வேலை செஞ்ச ஆளுங்க எல்லாம் வந்து முன்னாடி உக்காந்திருப்பாங்க, அவங்க முன்னாடி அத சொன்னா மத்தது எதையும் நம்பமாட்டாங்க.

கூலியில ஏமாத்துன அந்த வியாபாரி கதையை எடுக்கும்போது எனக்கே மனசு வரல. அப்புச்சி கடைசி வரைக்கும் அத மனசுல வச்சிருந்தாருன்னு எனக்கும் தெரியும், ஆனா அந்த குடும்பத்துல இருந்தும் யாராவது வருவாங்க, படத்துக்கு மாலை போட வந்தவங்கள தலைகுனிய வெக்கறது அப்புச்சிக்கே பிடிக்காது.

ஆஸ்பத்திரி ஒன்பது நாளு. ரெண்டரை பக்கம் அதுக்கே போயிருக்கு, ட்யூப்பு, மானிட்டர் சத்தம், டாக்டர் என்ன சொன்னாரு, நீ எப்ப ஓடி வந்த எல்லாமே. நீதான் அங்க இருந்த, அது உன் மனசுல மேல நிக்கத்தான் செய்யும், எழுதாம இருக்க முடிஞ்சிருக்காது. ஆனா 84 வருஷம் வாழ்ந்த மனுஷன் அவரு. மூணு நிமிஷத்துல ஒரு நிமிஷத்த அந்த ஒன்பது நாளுக்கு குடுத்தா வந்தவங்க வீட்டுக்கு போகும்போது அந்த கட்டில்ல படுத்திருந்த அப்புச்சியத்தான் கூட்டிட்டு போவாங்க. ஒரு வரி கூட வெக்கல, மன்னிச்சுக்க.

அப்புறம் "அன்பானவர், பாசமானவர், பண்பானவர், உழைப்பாளி". இதெல்லாம் யாரோட தாத்தாவுக்கும் சொல்லலாம். நீ மட்டும்தான் சொல்ல முடியும்னு ஒண்ணு உன்கிட்ட இருக்கு, அத ஆறாவது பக்கத்துல ரெண்டே வரில, "காது கேளாமல் போன பிறகு அவருக்கு உதவியாக இருந்தேன்"னு ஏதோ சர்டிஃபிகேட்ல எழுதற மாதிரி எழுதிட்டு தாண்டி போயிட்ட! அன்னைக்கு போன்ல என்கிட்ட சொன்னியே, நீ பொய்யா தலையாட்டுனது, அவர் ஒவ்வொரு முத்தா தட்டிப் பார்த்தது, அத கேட்டப்ப எனக்கு அப்புச்சி பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. அத நடுவுல தூக்கி வெச்சுட்டு மத்தத எல்லாம் அதுக்கு வழி விடற மாதிரி சுருக்கியிருக்கேன். எல்லார் முன்னாடியும் சொல்ல உனக்கு சங்கடமா இருந்தா சொல்லு, வேற பார்க்கலாம், ஆனா சொல்லுன்னுதான் நான் கேட்டுக்குவேன்.

பாஷையும் மாத்திட்டேன். "அன்னாரின் மறைவு"ன்னு நீ ஒருநாளும் பேசுனதில்ல, மைக்குல அது வாயில சிக்கும். நீ பேசற மாதிரியே எழுதியிருக்கேன், ஒரு வரிக்கு ஒரு மூச்சு. இடம் விட்டிருக்கற எடத்துல எல்லாம் நிறுத்து.

இனி இதுதான்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் அப்புச்சியோட கடைசி பேரன்.

அப்புச்சி 12 வயசுல கொலுசு பட்டறைக்கு போனவரு. அதுக்கப்புறம் 60 வருஷம். அவரோட கட்டைவிரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் ரேகையே இருக்காதுங்க, வெள்ளி தேச்சு தேச்சு அழிஞ்சு போச்சு. ரேஷன் கடையில விரல் வெச்சா மெஷின் எடுக்காது. "ரேகையெல்லாம் கொலுசுல போயிடுச்சு சாமி, அரிசிய போடு"ம்பாரு.

பட்டறையில பொடி வெச்சு ஊதித்தான் வெள்ளிய பத்த வெப்பாங்க. அத்தன வருஷம் பொடி வெச்சு ஊதுன மனுஷன், யார்கிட்டயும் பொடி வெச்சு பேசுனதில்ல. மனசுல பட்டத மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாரு. இங்க இருக்கறவங்கள்ல பாதி பேரு அத வாங்கியிருப்பீங்க. நானும் வாங்கியிருக்கேன்.

மே மாசம் லீவு விட்டா பேரன் பேத்தி எல்லாரையும் பஸ்ல ஏற்காட்டுக்கு கூட்டிட்டு போவாரு. 20 கொண்டை ஊசி வளைவையும் எங்க கூட சேர்ந்து சத்தமா எண்ணுவாரு. இருட்டுற நேரம் மலை மேல லேடீஸ் சீட் வியூ பாயின்ட்டுல நின்னா கீழ சேலம் பூரா லைட்டா இருக்கும். அதுக்குள்ள விரல நீட்டி, "அதோ, அந்த எடத்துலதான் நம்ம பட்டறை"ம்பாரு. எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியுது அப்புச்சின்னு சொல்லுவோம்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு.

கொலுசு வேலை முடிஞ்சா அப்புச்சி அத காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாப்பாரு. ஒரு முத்து ஊமையா இருந்தாலும் கண்டுபிடிச்சு பிரிச்சு மாத்துவாரு. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது அவருக்கு காது மந்தமாயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. அம்மாயிகிட்ட கூட சொல்லல.

நான் ஸ்கூல் விட்டு வந்ததும் பக்கத்துல உக்கார வெச்சுக்குவாரு. கொலுச என் காதுகிட்ட ஆட்டுவாரு. ஆட்டிட்டு என் மூஞ்சியவே பாப்பாரு. "நல்லாயிருக்கா கண்ணு?" நான் தலையாட்டுனாத்தான் அந்த கொலுசு பட்டறைய விட்டு வெளிய போகும்.

ஒரு நாள் விளையாட ஓடணும்னு அவசரம். ஒரு முத்து ஊமைன்னு தெரிஞ்சும் தலையாட்டிட்டேன்.

அப்புச்சி எந்திரிக்கல. என்னையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் ஒவ்வொரு முத்தா விரல்ல தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் என் மூஞ்சியப் பார்த்தாரு. சரியா அந்த முத்துகிட்ட வந்ததும் நிறுத்துனாரு. இடுக்கிய எடுத்து பிரிச்சாரு. என்னை ஒரு வார்த்தை திட்டல.

காது கேக்காத மனுஷன், என் மூஞ்சியிலயே கேட்டுட்டாரு.

நான் பொறந்தப்ப எனக்கு ஒரு சோடி கொலுசு செஞ்சாரு. போன வாரம் பீரோவுல இருந்து அத எடுத்து காதுகிட்ட ஆட்டிப் பார்த்தேன். எல்லா முத்தும் பேசுது.

நல்லாயிருக்கு அப்புச்சி.

அவ்வளவுதான் கண்ணு. நான் மெதுவா படிச்சதுக்கு 2 நிமிஷம் 50 செகண்ட் வந்துச்சு, ரேஷன் கடை வரிக்கு சிரிப்பாங்க, சிரிச்சு முடியற வரைக்கும் நில்லு, அதுக்கும் சேர்த்து சரியா இருக்கும். கடைசி வரிக்கு அப்புறம் நன்றி வணக்கம் எதுவும் சொல்லாத, படத்தப் பார்த்து அந்த வரிய சொல்லிட்டு அப்படியே இறங்கி வந்துடு.

உனக்கு தொண்டை அடைக்கப் போற எடம் "நல்லாயிருக்கா கண்ணு" தான், எனக்கு டைப் பண்ணும்போதே அடைச்சுது. அங்க அழுகை வந்தா அவசரப்பட்டு முழுங்காத, தண்ணி குடி, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. ரொம்ப முடியலன்னா ஏற்காடு பத்தியை முழுசா விட்டுட்டு நேரா கொலுசுக்கு போயிடு, கதை அறுந்து போகாது. அதையும் தாண்டி பேச்சே வரலன்னா என்னைப் பாரு, நான் முன் வரிசையில அம்மாயி பக்கத்துல ஒரு பேப்பரோட இருப்பேன், வந்து மீதிய படிச்சுடறேன். ஆனா கடைசி வரி மட்டும் நீதான் சொல்லணும், அவர் கேட்டது உன்கிட்ட.

கொலுச மைக்குல ஆட்டலாமான்னு கேட்டிருந்த. நானும் யோசிச்சேன், வேணாம்னு தோணுது. அங்க மண்டபத்துல ஃபேன் சத்தம், குழந்தைங்க சத்தம், ஸ்பீக்கர்ல அது வெறும் கரகரன்னு கேட்டுச்சுன்னா எல்லாம் போச்சு. சட்டைப் பையில வெச்சுக்க, உனக்கு கை நடுங்கறப்ப பிடிச்சுக்க ஒண்ணு இருக்கும்.

பெரிய எழுத்துல, தாளுக்கு ஒரு பக்கம் மட்டும், ரெண்டு தாள்ல பிரின்ட் எடு. போன்ல பார்த்து படிக்காத, நடுவுல ஏதாவது கால் வந்துடும். நாளைக்கு ராத்திரி 8 மணிக்கு மேல கூப்பிடு, நீ எழுந்து நின்னு படி, நான் டைமர் வெச்சுக்கறேன். அந்த முத்து தட்டுன எடத்துல நான் எதாவது தப்பா எழுதியிருந்தா அப்பவே சொல்லிடு, நீ சொன்னத ஞாபகத்துல இருந்துதான் எழுதினேன், அந்த பட்டறையில அன்னைக்கு உக்காந்திருந்தது நீங்க ரெண்டு பேரும்தானே.